நான்கு புதன்கிழமைகள்

யாராவது ஒன்று கேட்டால் சிபானாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. அதை அவள் ஒரு நற்குணமாகவே நினைத்திருந்தாள்.

இலங்கையின் கடலோரக் கண்டக்குழியில் அவளுடைய வீட்டு முன்னறைதான் அவளுடைய அலுவலகம். சிறிய விடுதிகள் தங்கள் அறைகளை இணையத்தில் வாடகைக்கு விடுவதற்கான மென்பொருளை விற்கும் கனடா நிறுவனம் ஒன்றில் அவள் வேலை செய்தாள். அவளுடைய குழுவில் ஆறு பேர். நேதன் என்ற மேலாளரோடு சேர்த்து ரொறொன்ரோவில் நான்கு பேர், மெல்பேணில் சுதர்சனா, இங்கே சிபானா. வாராந்தக் கூட்டத்துக்கு நேரம் குறிப்பது சிபானாவின் பொறுப்பு.

சுதர்சனா புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டி மெல்பேண் போனவள். யூலை முதல் செப்டெம்பர் வரை மூன்று மாதப் பரீட்சார்த்த ஒப்பந்தத்தில்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள். அது முடிந்ததும் நிரந்தரமாக்குவதா இல்லையா என்று நேதன் முடிவு செய்வார். அவளுடைய கணவனுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ஒன்றரை வயதுப் பிள்ளையோடு இரவுகளில் அவள் தனியே இருந்தாள். அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

அதுவரை கூட்டம் எப்போதும் ரொறொன்ரோவின் காலை ஒன்பது மணிக்குத்தான் நடந்தது. இங்கே அது மாலை ஆறரை, மஃரிப் தொழுகை நேரம். மெல்பேணிலோ இரவு பதினொரு மணி. இது நீதியில்லை என்று சிபானா நேதனுக்கு எழுதி, ஒரு சுழற்சி முறையையும் வகுத்துக் கொடுத்தாள். புதன்கிழமைகளுக்கு மூன்று நேரங்கள். முதல் வாரம் இங்கே மாலை ஐந்தரை. அப்போது ரொறொன்ரோவில் காலை எட்டு, மெல்பேணில் இரவு பத்து. இரண்டாம் வாரம் இங்கே அதிகாலை நாலரை. ரொறொன்ரோவில் செவ்வாய் மாலை ஏழு, மெல்பேணில் காலை ஒன்பது. மூன்றாம் வாரம் இங்கே காலை எட்டரை. மெல்பேணில் பகல் ஒன்று, ரொறொன்ரோவில் செவ்வாய் இரவு பதினொன்று. எல்லோருக்கும் ஒரேயடியாக நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே கெட்ட நேரத்தை மூன்று ஊரும் முறை வைத்துச் சுமக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் ஊருக்கு நான்கு தடவை.

மிகவும் நியாயமான ஏற்பாடு என்று நேதன் எல்லோருக்கும் தெரியும்படி பாராட்டினார்.

அவருடைய முறை முதன்முதலாக வந்த வாரம், செவ்வாய்க்கிழமையே அவரிடமிருந்து செய்தி வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இரவு பதினொரு மணிக்குத் தன்னால் தெளிவாக யோசிக்க முடியாது, இந்த ஒரு தடவை மட்டும் கூட்டத்தைப் புதன் காலை எட்டுக்குத் தள்ளி வைக்கலாமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். சிபானா தள்ளி வைத்தாள். மாலை ஐந்தரை அவளுக்கும் வசதிதான். மெல்பேணில் அது இரவு பத்து என்பது அவளுக்குத் தெரியும். சுதர்சனாவுக்கு ஒரு வரி எழுதினாள். "பரவாயில்லை அக்கா" என்று பதில் வந்தது. ஒப்பந்தம் நிரந்தரமாகாத ஒருத்தி வேறு என்ன எழுதுவாள் என்று சிபானா அன்று யோசிக்கவில்லை.

ஒரு மனிதருக்குச் சிறு உதவி செய்த நிறைவோடுதான் அன்று அவள் தொழுதாள்.

செப்டெம்பர் கடைசியில் நேதனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. சுதர்சனாவின் ஒப்பந்தம் நீடிக்கப்படாது. வேலையில் குறை இல்லை. ஆனால் கூட்டங்களில் ஈடுபாடு போதாது. பெரும்பாலும் கெமராவில் முகத்தைக் காட்டுவதில்லை, கேட்டால் மட்டும் பேசுகிறாள், இரண்டு தடவை பாதியில் போய்விட்டாள். கூட்ட அழைப்பிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிடும்படி சிபானாவிடம் கேட்டிருந்தார்.

பெயரை எடுக்க நாட்காட்டியைத் திறந்தபோதுதான் பன்னிரண்டு புதன்கிழமைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அவள் கண்ணில் பட்டன. எண்ணிப் பார்த்தாள். தன்னுடைய அதிகாலை நாலரை, நான்கு தடவை. மெல்பேணின் இரவு பத்து, எட்டுத் தடவை. ரொறொன்ரோவின் இரவு பதினொன்று ஒரு தடவைகூட இல்லை. நேதன் நான்கு முறையும் கேட்டிருந்தார். நான்கு முறையும் தள்ளி வைத்தது இவள். சுதர்சனா பாதியில் போன இரண்டு கூட்டங்களும் அந்த நான்கில்தான் இருந்தன.

பகல் சாப்பாட்டுக்கு வந்த மர்ஸூக் மனைவியின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். அவன் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிப் போகிறவன். கரையில் படகுகளுக்கும் முறை உண்டு. சிபானா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர் மரியாதையாத்தான் கேட்டார். நான் விட்டுக் குடுத்தன்" என்றாள்.

"நீ எங்க புள்ள விட்டுக் குடுத்த?" என்றான் மர்ஸூக், சோற்றைப் பிசைந்தபடி. "கரையில ஒருத்தன் அவசரம்ன்டு கேட்டா நான் என்ட முறையக் குடுப்பன். பக்கத்துப் படகு அன்ஸார்ட முறைய எடுத்துக் குடுத்தா அவன் என்னக் கடல்ல தள்ளுவான்."

அவள் கறிச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு நாலரைக்கு இன்னொரு தரம் எழும்ப ஏலாமலா இருந்த? எப்படியும் சுபஹு தொழ எழும்புறதானே."

அதுதான் அவளைச் சுட்டது. அந்த நான்கு கூட்டங்களையும் தன்னுடைய அதிகாலைக்கு மாற்றியிருக்கலாம். நேதனுக்கு மாலை ஏழு, சுதர்சனாவுக்குக் காலை ஒன்பது. யாருக்கும் துன்பமில்லை, தன்னைத் தவிர. அந்த எண்ணமே அவளுக்கு வந்திருக்கவில்லை. நாம் செய்யும் உதவியின் விலையைக் கொடுப்பது நாமா, வேறொருவரா என்று பார்க்காதவரை அதை உதவி என்று சொல்ல அல்லாஹ்வின் முன் நமக்கு வாய் இல்லை.

பன்னிரண்டு நாட்களையும் ஒரு பக்கத்தில் நிரலாக்கி, மாற்றியது தானே என்று எழுதி, சுதர்சனாவைப் பற்றிய முடிவை மீள யோசிக்கும்படி நேதனுக்கு அனுப்பினாள். அன்று மாலையே பதில் வந்தது. அவளுடைய நேர்மையைத் தான் மதிப்பதாகவும், முடிவு மேலிடத்துக்குப் போய்விட்டதாகவும் இருந்தது. கீழே இன்னொரு பந்தி. மெல்பேணில் இனி ஒருவரும் இல்லாததால் சுழற்சி தேவையில்லை. கூட்டத்தைப் பழையபடி ரொறொன்ரோ காலை ஒன்பதுக்கே நிலையாக வைத்துவிடலாம். நவம்பரில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் வைப்பார்கள். இலங்கையில் அது ஏழரையாகும், கவனிக்கவும் என்று அக்கறையோடு குறிப்பிட்டிருந்தார்.

மறுநாள் சுதர்சனாவுக்கு எப்போது கதைக்க வசதி என்று கேட்டு எழுதினாள். அங்கே காலை பதினொன்று என்று பதில் வந்தது. இங்கே காலை ஆறரைக்கு, வெயில் ஏறுமுன், சிபானா அழைத்தாள். பிழை தன்னுடையது என்று முதலிலேயே சொன்னாள். பின்னால் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, அவருக்கு உங்களிட்டக் கேக்கத் தெரிஞ்சுது" என்றாள் சுதர்சனா. "எனக்குக் கேக்கத் தெரியேல்ல. அதோட நீங்களும் என்னட்டக் கேக்கேல்லத்தானே. மாத்தினாப் பிறகுதான் சொன்னீங்க."

"ஓம். மாத்திப் போட்டுத்தான் சொன்னன்."

"பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற நேரம். மடியில வச்சுக்கொண்டுதான் இருந்தன். அழுற சத்தம் கேக்கக் கூடாதெண்டுதான் கெமரா, மைக் எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சன். ஈடுபாடு இல்லையாம்."

மன்னித்துவிடும்படி சிபானா கேட்டாள். சுதர்சனா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறொரு இடத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், கூட வேலை செய்த ஒருவரின் நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள் என்றும் மட்டும் சொன்னாள். நேதனிடம் கேட்க மனமில்லையாம்.

"நான் எழுதுறன்" என்றாள் சிபானா.

"உண்மைய எழுதுங்க அக்கா. புகழ்ந்து ஒண்டும் வேண்டாம்."

தேநீர்கூடக் குடிக்காமல் சிபானா எழுத உட்கார்ந்தாள். சுதர்சனா எட்டுக் கூட்டங்களுக்கு இரவு பத்து மணிக்கு வந்தாள் என்று எழுதினாள். அவற்றில் நான்கு அவளுடைய முறை அல்ல என்றும், அவளைக் கேளாமல் அந்த நேரத்தைக் குறித்தவள் இக்கடிதத்தை எழுதும் நானே என்றும் எழுதினாள். ஒவ்வொரு திகதிக்கும் எதிரே மெல்பேண் நேரத்தை மட்டுமே போட்டாள். இப்படி எழுதியதைப் பார்த்தால் யாராவது அவளை வேலைக்கு எடுப்பார்களா, அல்லது பழைய இடத்தில் சிக்கல் பட்டவள் என்று ஒதுக்கிவிடுவார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. அல்லாஹ்விடம் துஆ கேட்டுவிட்டு அனுப்பினாள்.