இரண்டு முழம் நாடா

"நான் சொல்றதை முதல்ல கேளுடா..."

"நீ சொல்றதைக் கேட்டுத்தான்க்கா பயமா இருக்கு. இது பாட்டு நாடா இல்ல, அன்னிக்கு முழுநாளும் வானொலியில போனதெல்லாம்..."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே வெட்டு."

ஒலிப்பதிவு அறையின் கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் இருவரும் குரலைத் தாழ்த்தியே சண்டை போட்டார்கள். அக்காவுக்கு அது எளிதாக வந்தது; பத்தொன்பது வருடமாக ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து அறிவிப்பு வாசிக்கிறவள். தம்பிக்குத்தான் குரல் அடிக்கடி உயர்ந்துவிட்டது. நிலையத்தில் அவனை எல்லாரும் கத்திரி என்பார்கள். கத்திரிக்கோலை அவன் தொட்டதே இல்லை, பிளேடுதான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மேஜையில் பெரிய நாடாச் சக்கரமொன்று கிடந்தது. அட்டையில் போன மழைக்காலத்துத் தேதி. ஆற்றில் வெள்ளம் வந்த நாள். அன்று மாலை நான்கு மணிக்கு அக்கா ஓர் அறிவிப்பு வாசித்தாள். பாலம் நன்றாக இருக்கிறது, ஆலையின் இரண்டாம் ஷிப்ட்காரர்கள் தவறாமல் வேலைக்கு வர வேண்டும் என்று. வந்தார்கள். லாரியோடு ஆற்றில் போனார்கள். இன்று மத்தியானம் விசாரணைக் குழு வந்து அந்த நாடாவைக் கேட்கப் போகிறது.

காலையிலேயே நிலைய அதிகாரி வந்து சொல்லிவிட்டார். அந்த நாலு மணி அறிவிப்பு இருக்கக் கூடாது. குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாமா என்று கத்திரி கேட்டான். அழித்தால் முக்கால் நிமிஷம் மௌனமாக ஓடுமே, மௌனத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்பார்கள் என்றார். வேறு நாடாவில் நகல் எடுத்து அதில் அந்த அறிவிப்பை விட்டுவிடலாமா என்றான். நாள் முழுக்க ஓடினதை நகலெடுக்க நாள் முழுக்க ஆகும் என்றார்.

"நானும் இந்த மேஜையில உட்கார்ந்து வெட்டினவன்தான் தம்பி. எது முடியும், எது முடியாதுன்னு எனக்குச் சொல்லாதே. உன் ஒப்பந்தத் தாள் என் மேஜையிலதான் இருக்கு."

அவர் போனதும் அக்கா வந்தாள். அவள் தடுப்பாள் என்று நினைத்திருந்தான். அவளும் வெட்டத்தான் சொன்னாள்.

"அறிவிப்புக் காகிதத்தைக் குடுத்தது அவருதானேக்கா. அதைச் சொல்லேன் அவங்க கிட்ட."

"காகிதத்தை அன்னிக்கே வாங்கிக் கிழிச்சுட்டாரு. நாடாவுல காகிதமா கேக்கும்? என் குரல்தான் கேக்கும். நேத்து தண்ணிக் குழாய்ல ஒருத்தி, 'இவ கூப்பிட்டுத்தான் என் வீட்டுக்காரர் போனாரு'ன்னா. குடத்தை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்." அவள் கண்களைத் துடைத்துக்கொள்ளவில்லை. "எட்டு மணிக்குச் சொன்னேன்ல, அது ஒண்ணு போதும் எனக்கு. யார் காகிதமும் இல்லாம நானாச் சொன்னது."

அதுவும் உண்மைதான். இரவு எட்டு மணிக்குப் பாட்டை நிறுத்திவிட்டு, பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, யாரும் கிளம்ப வேண்டாம் என்று சொன்னாள். அனுமதியில்லாமல் சொன்னதற்கு அதிகாரி அன்றைக்கே அவளைத் திட்டினார். மூன்றாம் ஷிப்ட் அப்படித்தான் பிழைத்தது. ஆனால் பிழைத்தவர்கள் அந்த ஆலையில் சம்பளம் வாங்குகிறவர்கள். கேட்டோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அக்கா வெளியே போனாள். கத்திரி நாடாவை இயந்திரத்தில் மாட்டினான். ஆமை வேகத்தில் ஓடும் நாடா. ஓடவிட்டு, நிறுத்தி, முன்னால் தள்ளி, நான்கு மணிக்கு வந்தான். சங்கு ஊதும் ஓசை, பிறகு அக்கா மூச்சு இழுப்பது, பிறகு "ஆலைத் தொழிலாளர்கள் கவனத்துக்கு". நிறுத்தினான். இரண்டு சக்கரங்களையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். நாடாவைப் படிக்கும் ஒலித்தலையின் மேல் அது உரச, குரல் மிருகம் உறுமுவது போல் உறுமியது. இந்த வேகத்தில் நாலு விரல் அகலத்துக்குள் ஒரு வாக்கியமே அடங்கிவிடும். மயிரிழை தவறினால் ஓர் எழுத்து தொங்கும்.

மூச்சுதான் சிக்கல். பேச்சை எடுத்துவிட்டு மூச்சை விட்டால், யாரோ பேச வாய் திறந்தது தெரிந்துவிடும். அதனால் சங்கு தேய்ந்து அடங்கும் இடத்தில், மூச்சுக்கு முன்னால், நாடாவின் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டான். அறிவிப்பு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு கோடு. நாடாவை வெட்டுக் கட்டையின் பள்ளத்தில் படுக்க வைத்தான். வெளியே ஏதோ வண்டி நின்றது. பிளேடு கையில் அப்படியே நின்றது. பால் வண்டி. போய்விட்டது.

சாய்வான கீறலில் பிளேடை இழுத்தான். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. இரண்டு முழம் நாடா, பூ வாங்கினாற்போல், கையில் தொங்கியது. முனைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் ஒளி தெரியாமல் சேர்த்து, முதுகுப் பக்கம் ஒட்டுப் பட்டையை வைத்து நகத்தால் தேய்த்தான். ஓரத்தில் பிதுங்கியதைச் சீவினான். போட்டுக் கேட்டான். சங்கு அடங்கியது, பாட்டு தொடங்கியது. தனக்கே தெரியவில்லை எங்கே வெட்டினோம் என்று. அந்த நொடியில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கதவைத் தட்டாமல் அதிகாரி வந்தார். ஒரு தரம் கேட்டார். வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கி, ஆள்காட்டி விரலில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல கை உனக்கு" என்றார்.

அவர் போன பிறகு கத்திரி சக்கரத்தை உறையில் போடப் போனான். உறையில் அவன் கையெழுத்தே இருந்தது: முதல் பக்கம், காலை ஆறு முதல் மாலை ஆறு. மறுபக்கம், மாலை ஆறு முதல்.

எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தான்.

நிகழ்ச்சி நாடாக்களை வெட்டி வெட்டிப் பழகின கை. அவை ஒரே திசையில் பதிவானவை. எங்கே வெட்டினாலும் வெட்டினது மட்டுமே போகும். நாள் நாடா அப்படியில்லை. அதன் மேல்பாதியில் பகல் ஓடும். மாலை ஆறுக்குச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டால், நின்ற இடத்திலிருந்தே கீழ்ப்பாதியில் இரவு பின்னோக்கி ஓடும். ஆறு மணியில் மடித்த துணி மாதிரி. ஆறுக்கு இரண்டு மணி நேரம் முந்தினது நான்கு. அதற்கு நேர்கீழே ஒட்டிக்கிடப்பது, ஆறுக்கு இரண்டு மணி நேரம் பிந்தின எட்டு.

சக்கரத்தைத் திருப்பிப் போட்டான். விரல்கள் நாடாவை இயந்திரத்தின் வழியில் கோக்க மறுத்தன. மூன்றாம் தடவையில் கோத்தான். ஓடவிட்டான். மாலைச் செய்தி. மழை பற்றி யாரோ. ஒரு பாட்டு. பாட்டு சட்டென்று நின்றது. அக்கா மூச்சு இழுத்தாள்.

அடுத்த நொடி வேறேதோ வாத்தியம், பாதியிலிருந்து.

திரும்பவும் போட்டான். மூச்சு. வாத்தியம். ஒட்டு சுத்தமாக இருந்தது. சின்னச் சொடுக்குச் சத்தம்கூட இல்லை. குப்பைத் தொட்டியில் ஒட்டுப் பட்டைச் சீவல்கள் மட்டும் கிடந்தன. வெட்டின துண்டைக் கேட்டு அதிகாரியின் அறைக் கதவுவரை ஓடினான். பூட்டியிருந்தது. நானும் இந்த மேஜையில வெட்டினவன்தான் என்று அவர் சொன்னது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி படியில் நின்று விசாரணைக்காரர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பணியிலிருந்த அறிவிப்பாளர் நாள் பூராவும் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவர்களை உள்ளே அழைத்து வந்தார்.

அக்கா முகம் கழுவிக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டாள். முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். நாற்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் நடையில் நெருங்கியது.

"அவரு என்ன வேணா சொல்லிக்கட்டும்டா. நீ நேரா எட்டு மணிக்குப் போடு, அவங்க கேக்கட்டும்."