வட்டமாய் வந்த கோரிக்கை

வட்டக்கச்சிக் கமக்காரர் சங்கத்தின் செயலாளர் கமலாசனிக்கு அந்தக் கடதாசியைக் கண்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆடி நாலாம் திகதி தபால் பெட்டிக்குள் கிடந்தது. தலைவர் தவராசா வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறைப்படி விடாததால் அவர்மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை, அதற்கு விசேட பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். கீழே இருபத்தாறு கையொப்பம், வட்டமாக. யார் முதலில் போட்டது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

காரணம் இருந்தது. போன கூட்டத்தில் தலைவருக்கு எதிராக முதலில் எழும்பிப் பேசியவர் முத்துலிங்கம். மறுநாள் “ஒரு சின்னக் கதை, பேச வேணும்” என்று யாரோ கூட்டிப் போனார்கள். மூன்று மாதமாயிற்று, ஆள் திரும்பவில்லை. அவர் மனைவி விமலேஸ்வரியின் கையொப்பமும் வட்டத்தில் இருந்தது.

நூறு உறுப்பினரில் கால்வாசிப்பேர் கேட்டால், கடிதம் கிடைத்து முப்பது நாளுக்குள் கூட்ட வேண்டும். பலகையில் அறிவித்தல் ஒட்டும் நாளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே முழுதாகப் பதினான்கு நாள் இருக்க வேண்டும். உபவிதி அப்படி. கூட்டம் முப்பத்தோராம் திகதி, ஞாயிறு. இன்று பதினாறு. இன்று ஒட்டாவிட்டால் அந்த ஞாயிறு கைநழுவிப் போகும்.

தவராசா சங்க அறைக்குள் வந்து, அவள் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமே இல்லை, அதுதான் பயம்.

“ஒட்டு பிள்ளை, நான் மறிக்கேல்லை. கேட்ட ஆக்களின்ரை பேரும் போட வேணுமெல்லோ?”

“ஓம் ஐயா.”

“ஒழுங்கா ஒண்டு, ரெண்டெண்டு இலக்கம் போட்டு எழுது. முதல் ஆள் ஆரெண்டு தெரிஞ்சால் எனக்குப் போதும். ஒரு சின்னக் கதை இருக்கு.”

கமலாசனி பேனையை எடுத்தாள். ஒன்று என்று எழுதி அதற்குப் பக்கத்தில் யாரைப் போடுவாள்? யாரைப் போட்டாலும் அந்த வீட்டு வாசல் படலையில் நாளைக்கு ஆள் நிற்கும். பாவி மனுசன், குற்றத்தைத் தன் கையால் செய்யாமல் அவள் பேனையால் செய்யப் பார்க்கிறான்.

மேசையில் வெறும் பால்மாத் தகரப்பேணி இருந்தது. அதைத் தாளில் கவிழ்த்து வட்டம் கீறினாள். கோரிக்கை கிடைத்த திகதி, கூட்டத் திகதி, பிற்பகல் மூன்று மணி, சங்க மண்டபம், பிரேரணை, வேறு விடயம் எடுக்கப்படமாட்டாது என்றெல்லாம் மேலே எழுதினாள். பிறகு இருபத்தாறு பெயரையும் வட்டத்தைச் சுற்றி எழுதினாள்.

“என்ன இது, கோலமே?”

“வந்த மாதிரித்தான் எழுதியிருக்கிறன் ஐயா. மாத்தி எழுத எனக்கு உரிமையில்லை.”

கீழே செயலாளர் என்று ஒப்பமிட்டுத் தன் பெயரையும் எழுதினாள். பலகையில் பசை தடவி ஒட்டியபோது நெஞ்சு கொஞ்சம் ஆறியது. தப்பிவிட்டார்கள், இருபத்தாறு பேரும்.

தவராசா எழும்பி வந்து நிதானமாக வாசித்தார். விரல் வட்டத்தை ஒருமுறை சுற்றியது, பிறகு கீழே இறங்கி நின்றது.

“வட்டத்துக்கு வெளியிலை ஒரு பேர் தனிய நிக்குது, பிள்ளை,” என்றார். “இது போதும்.”