டிக் டிக் என்று திரும்பிய பெட்டிகள்

2007இல் நவரட்ணராஜா கண்டியில் ஓர் இணையக் கடை நடத்தினார். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் கணினியில் தெரிவு செய்து பணம் கட்டினால், கண்டியைச் சுற்றியுள்ள அவர்களுடைய உறவினர் வீட்டுக்குப் பரிசு போய்ச் சேரும். திரும்பி வருபவற்றைக் கவனிப்பது லீலாதேவியின் வேலை. நூறு பெட்டி போனால் மூன்றோ நான்கோ திரும்பும். அது வழக்கம்.

ஆவணியில் ஒரு வாரம் அனுப்பிய இருநூறு பெட்டிகளில் இருபத்திரண்டு திரும்பிவிட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் களைத்துப்போன முதலாளி, எல்லாம் போர், நாட்டு நிலைமை என்று தீர்ப்புச் சொன்னார். லீலாதேவி ஒத்துக்கொள்ளவில்லை. நிலைமைதான் காரணமென்றால் சேலையும் கேக்கும் சேர்ந்தல்லவா திரும்பியிருக்க வேண்டும்? பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். சுவர்க்கடிகாரம் மட்டும் நாற்பதில் பதினேழு. மற்றவை பழையபடிதான். கடைக்குக் கடிகாரம் கொடுப்பவர்கள் இரண்டு பேர். இருவரிடமும் ஒரே மாடல். ஒருவருடைய இருபதில் ஒன்று திரும்பியிருந்தது. ஷிராஸ் கொடுத்த இருபதில் பதினாறு.

காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்றே இருந்தது. ஒரு பெட்டிகூடப் பிரிக்கப்படவில்லை. பிரிக்காமலே எப்படிப் பிடிக்காமல் போகும்? பெட்டியைத் திருப்பியவர்களில் ஒருவரான வத்தேகம மேபல் டீச்சருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள்.

"அனுப்புனவங்க பேரே இல்லாம ஒரு பெட்டி வருது. காத வச்சா டிக் டிக்னு சத்தம். இந்தக் காலத்துல யாருங்க அத வீட்டுக்குள்ள எடுப்பா? தோட்டத்துல வச்சிட்டு எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டோம்."

லீலாதேவி பின்னாலிருந்த ஸ்டோருக்குப் போய் ஒரு பெட்டியில் காதை வைத்தாள். முதலாளியும் வந்து வைத்தார். பிறகு வாசல்வரை போய் நின்றுகொண்டார்.

கூப்பிட்டனுப்பியதும் வந்த ஷிராஸ், விஷயத்தைக் கேட்டு மனம் நொந்துபோனார். கடிகாரத்தை ஓடவிட்டே பெட்டியில் வைக்கும் வேலையை அவர் அந்த மாதம்தான் தொடங்கியிருந்தார், அதுவும் நல்லெண்ணத்தில்.

"நானே பெட்டரி போட்டு அனுப்பினா ஊட்ல உள்ளவங்களுக்குக் கரச்சல் இல்லதானே, தங்கச்சி."

"ஓம், அவைக்குக் கரைச்சல் இல்லை. முழு ஊருக்கும்தான் கரைச்சல்" என்றாள் லீலாதேவி.

அன்றிலிருந்து பெட்டரியைக் கழற்றிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார்கள். வெளியே அனுப்பியவர் பெயரையும் 'சுவர்க்கடிகாரம்' என்பதையும் மூன்று மொழியிலும் எழுதினார்கள். அடுத்த இருபதில் ஒன்றே ஒன்றுதான் திரும்பியது. அது புசல்லாவை மூக்கையாவுடையது. காரணம்: 'ஓடவில்லை'.

லீலாதேவி பெட்டியைத் திறந்தாள். பெட்டரி மூடிக்குள் ஒட்டியபடியே இருந்தது. மூக்கையாவிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, சுவரில் மாட்டி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"நீங்க குடுக்குற கடிகாரத்துக்கு நாங்களாம்மா உசுரு குடுக்கணும்?"

அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. மூடியில் பெட்டரி இருக்கும் இடத்துக்கு ஓர் அம்புக்குறி போடும்படி ஷிராஸிடம் சொல்லிவிட்டு, அந்தக் கடிகாரத்தையும் அம்புக்குறி போட்டு அவள் மறுபடி புசல்லாவைக்கு அனுப்பினாள்.