மழைக்கு ஓடாத ஃபேன்

அந்த லாட்ஜில் நாற்பது குளியலறைகள். நாற்பதிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டினால் ஃபேன் தானாக ஓடும் என்று மேனேஜர் பெருமையாக வாங்கி மாட்டிய சரக்கு. மழைக்காலத்தில் வெளிக்காற்றே எண்பதுக்கு மேல் இருக்கும் என்ற சின்ன விஷயம் மட்டும் அவருடைய பெரிய மூளைக்கு எட்டவில்லை. மழை பிடித்ததும் நாற்பது ஃபேனும் இரவு பகலாக ஓடின. உள்ளே குளிப்பவர்தான் யாரும் இல்லை.

“ஏம்ப்பா, சத்தம் தாங்கலன்னு ரூம் எடுத்தவங்க எல்லாம் கீழ வந்து நிக்கிறாங்க. அந்த எழுபத தொண்ணூத்தஞ்சு ஆக்கிடு,” என்றார் மேனேஜர், எலக்ட்ரீஷியனிடம்.

ஆக்கினார். அதன் பிறகு யார் குளித்தாலும் ஃபேன் அசையவில்லை. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. கூரையில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் வலி கண்ட துப்புரவு அக்கா சொன்னாள்: “உங்க ஃபேன் ரொம்ப சாது தம்பி. யாரு வம்புக்கும் போறதில்ல.”

அது எலக்ட்ரீஷியனுக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய கண்ட்ரோல் போர்டுகளோடு மல்லுக்கட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று புரிந்தது: ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மழை ஈரம் மணிக்கணக்கில் மெல்ல ஏறும். வெந்நீர் ஷவரைத் திறந்தால் இரண்டே நிமிடத்தில் ஜிவ்வென்று ஏறும். அப்படி ஏறினால் மட்டும் ஓடு என்று போர்டில் புரோகிராம் எழுதி, ஓர் அறையில் மாட்டிப் பார்த்தார்.

ஃபேன் ஓடியது. மூன்றாவது நிமிடம் நின்றது. அறை முழுக்க ஆவி நிறைந்த பிறகு ஈரம் மேற்கொண்டு ஏற இடமில்லை. ஏற்றம் நின்றது, ஃபேனும் கடமை முடிந்ததென்று நின்றுவிட்டது. “குளியல் முடியறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுது. நம்ம ஆளுங்க மாதிரியே,” என்று மேனேஜர் நாள் முழுக்கச் சிரித்தார்.

எலக்ட்ரீஷியன் மறுபடி போர்டைக் கழற்றினார். ஏற்றம் தொடங்குமுன் ஈரம் எவ்வளவு இருந்தது என்பதை ஃபேன் நினைவில் வைத்து, திரும்ப அந்த அளவை நெருங்கும்வரை ஓட வேண்டும், எப்படியும் நாற்பது நிமிடத்துக்குமேல் ஓடக்கூடாது என்று மாற்றி எழுதினார். இந்த முறை சரியாக வந்தது. ஒரே மாதத்தில் நாற்பது அறைக்கும் போட்டாயிற்று. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, லாட்ஜ் தாழ்வாரங்கள் அமைதியாகக் கிடந்தன. யோசனை தன்னுடையது என்று மேனேஜர் முதலாளியம்மாவுக்குப் போனில் சொன்னதாகக் கேள்வி.

அதைப் பார்க்கவே முதலாளியம்மா ஒரு காலையில் வந்து இறங்கினார். மேனேஜர் முன்னால் நடந்து விளக்க, எலக்ட்ரீஷியன் ஏணியோடு பின்னால் நடந்தார். இரண்டாம் மாடிக் கடைசி அறையின் முன் அம்மா நின்றார். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம்.

“இந்த ரூம் டைல் உடைஞ்சு மூணு மாசமா பூட்டியிருக்குன்னு சொன்னீங்களே?”

“ஆமா மேடம். மழை பாருங்க, ஈரம்...”

“மழைக்கு ஓடாதுன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க.”

மேனேஜர் எலக்ட்ரீஷியன் பக்கம் கை காட்டினார். “அது... சென்சார் கோளாறு மேடம். இவன் கைவேலைதானே, அப்படித்தான் இருக்கும்.”

எலக்ட்ரீஷியனுக்கு உள்ளே இருப்பது யாரென்று தெரியும். மேனேஜரின் மச்சான், வேலை தேடி வந்தவர், வேலையைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்துவிட்டவர். மாடிக்கே தெரிந்த ரகசியம். குடும்ப விவகாரம், நமக்கெதற்கு என்று எலக்ட்ரீஷியன் கடைசிவரை வாயை மூடியிருப்பார். மேனேஜர் மழைமேல் பழி போட்டதோடு விட்டிருக்கலாம். சென்சார்மேல் போட்டுவிட்டார்.

“கோளாறு இல்ல மேடம்,” என்றார் எலக்ட்ரீஷியன். “அஞ்சு பத்து நிமிஷத்துக்கு முன்னாடி யாரோ சுடுதண்ணி திறந்திருக்காங்க. இன்னும் குளிக்கிறாங்கன்னு நினைக்கிறேன்.”

அம்மா கதவைத் தட்டினார். இடுப்பில் லாட்ஜ் துண்டோடு, தலையில் ஷாம்பு நுரையோடு, மச்சான் கதவைத் திறந்தார். “மாமா, சோப்பு தீர்ந்துபோச்சு,” என்றவர், அம்மாவைப் பார்த்ததும் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“டைல் எங்கப்பா உடைஞ்சிருக்கு?” என்று அம்மா நிதானமாகக் கேட்டார்.

டைல் எங்கும் உடையவில்லை. மச்சான் அன்று மதியமே பெட்டியைத் தூக்கினார். அந்த அறை சாயங்காலமே வாடகைக்குப் போனது. மேனேஜர் வேலையில் நீடித்தார், ஆனால் வாரா வாரம் அம்மா நேரில் வர ஆரம்பித்தார். மேனேஜருக்குக் கோபத்தை எங்காவது இறக்கியாக வேண்டுமே: நாற்பது ஃபேனையும் கழற்றித் தூசு துடைக்கும்படி எலக்ட்ரீஷியனுக்கு உத்தரவு வந்தது.

“பெரிய வேலையா குடுத்துட்டாரே,” என்று துப்புரவு அக்கா பரிதாபப்பட்டாள்.

“எப்படியும் செய்யவேண்டியதுதான் அக்கா,” என்றார் அவர், ஏணியில் ஏறியபடி. “தூசு அடைச்சா காத்து இழுக்கிறது குறைஞ்சிடும். அந்தத் துணியைக் கொஞ்சம் நனைச்சுக் குடுங்க.”