நரைத்த பிறகு லேசர்

நாத்தனாரிடம் லேசருக்கென்று நான் வாங்கிய கடன் ஆறாயிரத்து நானூறு.

பத்து வருடமாக என் தாடையில் முடி. மாதம் இரண்டு தடவை நூல் வைத்து எடுப்பேன். ஒரு நாள் சிவந்திருக்கும், பிறகு முளைக்கும். மெழுகு போட்டால் மூன்று வாரம் தாங்கும். ஆனால் ஒருமுறை மெழுகோடு தோலும் உரிந்தது. வெயிலில் செங்கல் தூக்கியதில் அந்த இடம் கறுத்து நாலு மாதம் கிடந்தது. கூட வேலை செய்பவர்கள் ‘மீசைக்காரம்மா’ என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

லேசருக்கு முடியின் வேர் உள்ளே இருக்க வேண்டுமாம். அதனால் ஒரு மாதமாக நூல் வைக்காமல், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தோல் டாக்டரம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?”

“காசு சேரணுமே டாக்டர்.”

“முக்கால்வாசி நரைச்சிடுச்சு. லேசர் கறுப்பு முடியிலதான் வேலை செய்யும். வெள்ளைக்குப் பிடிக்காது. காசை வீணாக்காதீங்க, நூலே போதும்.”

இத்தனை வருடம் வளரவிடாமல் எடுத்ததிலும், இந்த ஒரு மாதம் கண்ணாடியே பார்க்காமல் துண்டால் மூடிவைத்ததிலும், நரைத்ததை நானே பார்க்கவில்லை. சரி என்றேன். அழுகைகூட வரவில்லை.

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

“என்ன அண்ணி, தாடி அப்படியே இருக்கு?”

“மிஷினுக்கு நரை பிடிக்காதாம்.”

“எங்கண்ணனுக்கும்தான் பிடிக்காது. உங்களை விட்டுட்டாரா என்ன?”

பணத்தை நீட்டினேன். இரண்டு தடவை எண்ணினாள். சரியாக இருந்தது. கடன் தீர்ந்தது. துண்டை மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பினேன்.