ஒரு நாளும் விடாதீர்கள்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே வெளிநோயாளிகள் கூடத்தில் குழல் விளக்கு எரிந்தது. வெளியே ஐப்பசி மழை. பாளையங்கோட்டையில் இருந்த அந்த அறக்கட்டளை மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவு புதன்கிழமைகளில் மட்டும் நடந்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் நனைந்த குடைகளோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

விஜயஸ்ரீ அவர்களில் கொஞ்சமாக வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடினாள். நன்றாக வாசிப்பவர்கள் வேண்டாம். தமிழில் எம்.ஏ. முடித்து அங்கே நலக்கல்விப் பிரிவில் வேலை பார்த்தாள். இன்சுலின் ஊசி தொடங்கும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தைத் திருத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். பழைய பிரசுரம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. தோலடி ஊசியேற்றம், தாழ்நிலை ரத்தச் சர்க்கரை, அளவீட்டு மறுநிர்ணயம். வாங்கிப் போனவர்கள் அதை மருந்துப் பெட்டிக்கு அடியில் மடித்துப் போட்டார்கள்.

ஆவணியில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு மில் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சலில் சோறு இறங்கவில்லை என்று அவர் ஊசியை நிறுத்தியிருந்தார். பிழைக்கவில்லை. தாளை வாசித்தோம், ஒன்றும் விளங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். அதற்குப் பிறகுதான் டாக்டர் குமரகுருபரன் விஜயஸ்ரீயைக் கூப்பிட்டார்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். விஜயஸ்ரீ பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வாசிக்கத் தெரியுமாம்மா?"

"அஞ்சாப்பு வரை. பலசரக்குக் கடைச் சிட்டை வாசிப்பேன். கல்யாணப் பத்திரிகை வாசிப்பேன். உங்க கையில என்னது, பத்திரிகையா?"

பெயர் பாத்து. மேலப்பாளையம். பீடி சுற்றுகிறாள். இத்தனை வருடம் மாத்திரை. இந்த மாதம்தான் ஊசிக்கு மாற்றியிருந்தார்கள். அவளுடைய அக்காவுக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது தன் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்குப் பரீட்சை இல்லம்மா. இந்தத் தாளுக்குத்தான் பரீட்சை. எங்க தட்டுதோ அங்க எழுதுனவ தப்பு."

"அப்ப நாந்தான் டீச்சரு. பெரம்பு எங்க?"

விஜயஸ்ரீ பழைய பிரசுரத்தில் ஒரு வரியைக் காட்டினாள். பாத்து விரலை வைத்து வாசித்தாள். "உணவு உட்கொள்ளல் குறையும் சூழ்நிலைகளில் இன்சுலின் அளவீடு மருத்துவ ஆலோசனையின்பேரில்..." மூன்று இடத்தில் நின்றாள். கடைசி வார்த்தையை விட்டுவிட்டாள்.

"என்ன வெளங்குச்சு? உங்க வார்த்தையில சொல்லுங்க."

"ஒண்ணும் வெளங்கல. யாருட்டயோ என்னமோ கேக்கச் சொல்லுதாவ. தாஜ் அண்ணன்ட்ட கொண்டுபோய்க் காட்டணும்."

"அது யாரு?"

"எங்க தெரு மருந்துக்கடை, தாஜ் முகம்மது. டாக்டரு எழுதுனது எதுன்னாலும் அவருட்டதான் காட்டுவோம். அவரு பாதி டாக்டரு. பீசு வாங்காத பாதி."

விஜயஸ்ரீ சிரித்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

எழுதும்போது அவளுக்குச் சில விதிகள் இருந்தன. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டில் பேசாத வார்த்தை வேண்டாம். தோலடி ஊசியேற்றம் போனது. 'தோலைக் கிள்ளிப் பிடியுங்கள். அந்த இடத்தில் ஊசி போடுங்கள்' என்று எழுதினாள். தாழ்நிலை ரத்தச் சர்க்கரை போனது. 'சர்க்கரை இறங்கினால் வியர்க்கும். கை நடுங்கும். கண் இருட்டும். உடனே ஒரு கை சர்க்கரை சாப்பிடுங்கள்.'

அந்த ஒரு வரி மட்டும் நிற்கவில்லை. 'சாப்பிட முடியாத நாளில், ஊசி போடும் முன் எங்களைக் கேளுங்கள்' என்று எழுதினாள். அடுத்த புதன்கிழமை அதை வாசித்தவர்களில் பாதிப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். சாப்பிடாத நாளில் ஊசி வேண்டாம். மில் தொழிலாளி செய்ததும் அதுதான்.

அவள் டாக்டரிடம் போனாள்.

"கேளுங்கன்னு போட்டா கேக்கவா போறாங்க?" என்றார் குமரகுருபரன். "ராத்திரி காய்ச்சல் வந்தா எங்க வந்து கேப்பாங்க? விடாதேன்னு போடுங்க. தீந்தது."

"சாப்பிடாம முழுசாப் போட்டா இறங்கிருமே சார்."

"அதத்தான் மேலே எழுதியிருக்கீங்களே. வேர்க்கும், நடுங்கும், சர்க்கரை சாப்பிடுன்னு. ஒரு வரிக்கு ஒரு விஷயம்னு நீங்கதான சொன்னீங்க?"

அவள்தான் சொன்னாள். திரும்பி வந்து அந்த வரியை அடித்தாள். மேலே எழுதினாள்: 'ஊசியை ஒரு நாளும் விடாதீர்கள்.'

அதற்கு அடுத்த வாரம் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். பாத்து தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் தாளை வாங்கி மறுபடி பார்த்தாள்.

"ஆசுபத்திரித் தாள நானே வாசிச்சது இதுதான் மொதத் தடவை. இத நான் கொண்டுபோலாமா?"

"இன்னும் அச்சடிக்கலம்மா. வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான்."

டவுணில் கீழ ரத வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் கார்த்திகையில் அடித்து வாங்கினார்கள். பெரிய எழுத்து. ஒரே பக்கம். விஜயஸ்ரீ முதல் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வைத்தாள். புதன்கிழமை பாத்துவிடம் கொடுத்தாள். பாத்து அதை மடிக்கவில்லை. சுருட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோனாள்.

தையில் நோன்பு மாதம் வந்தது.

விஜயஸ்ரீ ஒரு வியாழக்கிழமை காலையில் கேள்விப்பட்டாள். முந்தின நாள் மாலை மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்கள். பெயரைச் சொன்னதும் டாக்டர் அறைக்குப் போனாள். குமரகுருபரன் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குளுக்கோஸ் ஏத்தியாச்சு. சர்க்கரை ஏறிட்டு. ஆளு இன்னும் நினைவுக்கு வரல."

"வருவாங்களா சார்?"

"ரொம்ப நேரம் இறங்கிக் கெடந்திருக்கு. மூளை தாங்காது." பேனாவை மூடினார். "நோன்பு இருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அளவக் கொறச்சு, நேரத்த மாத்திக் குடுத்திருப்பேன். இல்ல, இருக்கவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

கையெழுத்துப் போட்ட தாள்களை அடுக்கினார்.

"அந்த வரிய மாத்திருங்க" என்றார் அவர். "மிச்சம் இருக்கிறதக் குடுக்க வேண்டாம்."

அலமாரியில் பாதிக் கட்டுகள் மிச்சம் இருந்தன. அவள் அலமாரியைப் பூட்டினாள். மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போகவில்லை. கடைசியில் தாளில் இது இருந்தது:

'நோன்பா? விரதமா? காய்ச்சலா? வாந்தியா? அன்றைக்கு ஊசியின் அளவு மாறும். ஊசியை நிறுத்த வேண்டாம். பழைய அளவிலும் போட வேண்டாம். உடனே வந்து எங்களைக் கேளுங்கள்.'

விதிப்படி அதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். அவள் தாளோடு பெண்கள் வார்டுக்குப் போனாள். சோதிக்கப் போகவில்லை. தாள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

பாத்துவின் கண்கள் திறந்திருந்தன. விஜயஸ்ரீ அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள். கண்கள் அவளைத் தொடரவில்லை. வாயோரம் துடைத்த ஈரம். பாதங்கள் போர்வைக்கு வெளியே இருந்தன. இரண்டிலும் ஒரு புண்ணும் இல்லை.

கட்டிலோரம் மகள் அஃப்ரா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓரிரு முறை உம்மாவோடு வந்திருக்கிறாள்.

"தெரியுதாக்கா உங்கள? காலையில இருந்து நானும் கூப்பிடுதேன்."

விஜயஸ்ரீ இல்லை என்று தலையை அசைத்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அஃப்ரா கேட்காமலே சொன்னாள். குரல் ஏறவில்லை. நோன்பு தொடங்கியதிலிருந்து உம்மா விடிவதற்கு முன் சஹர் உணவு சாப்பிட்டுவிட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அசதியாக இருக்கும், நோன்பு திறந்ததும் சரியாகிவிடும்.

"நேத்து சஹருக்கு யாருமே எந்திரிக்கல. முழிக்கையில பாங்கு சொல்லியாச்சு, இனிமே சாப்பிடக் கூடாது. உம்மா ஒண்ணும் சாப்பிடாமலே நோன்பு வச்சாவ. ஊசிய எடுத்தாவ. இன்னைக்கு வேண்டாம்மான்னேன். செவுத்தக் காட்டுனாவ."

"செவுத்தயா?"

"உங்க தாள் அங்கனதான் ஒட்டியிருக்கு, காலண்டர் பக்கத்துல. பெரியம்மாவுக்குக் கால எடுத்ததச் சொன்னாவ. ஊசி போட்டுட்டாவ."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அஃப்ரா காத்திருந்தாள்.

"மத்தியானம் வேர்த்துச்சு. எனக்கு அந்த வரி ஞாபகம் வந்துட்டு. சீனி டப்பாவ எடுத்துட்டு வந்தேன். நோன்பு தொறக்க இன்னும் எவ்வளவு நேரம்டின்னு கேட்டாவ. மூணு மணி நேரம்தாம்மான்னேன். பைய படுத்துக்கிடுதேன்னாவ. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

விஜயஸ்ரீ அவள் தோளைத் தொடப் போனாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"அது என்னக்கா கையில, புதுத் தாளா?"

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

அஃப்ரா வாங்கி வாசித்தாள். எங்கும் தட்டவில்லை. வாசித்துவிட்டுத் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என் வார்த்தையில சொல்லணுமா? உம்மா வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ, எனக்குப் பரீட்சை இல்லட்டி, தாளுக்குத்தான் பரீட்சைன்னு."

"வேண்டாம் அஃப்ரா."

"நல்லா வெளங்குது. இது சரியாத்தான் இருக்கு." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். உம்மாவின் முந்தானையைச் சரிசெய்தாள். "மாத்திரை போட்ட வருசமெல்லாம் நோன்புக்கு முந்தியே உம்மா சீட்டத் தூக்கிக்கிட்டு தாஜ் மாமா கடைக்குப் போயிருவாவ. இத எப்ப போட, அத எப்ப போடன்னு கேட்டுட்டு வருவாவ. அவருக்குத் தெரியலன்னா இங்க வந்து டாக்டர்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுவாரு. இந்த வருசமும் போவோமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எதுக்குட்டி, எனக்கே வாசிக்கத் தெரியுதேன்னாவ."

டிரிப்பில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அஃப்ரா அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா, பழைய தாளயே குடுத்திருந்தா உம்மா அவருட்ட கொண்டுபோயிருப்பாவல்லா?"