சைகோன் போன கல்யாணப் பார்சல்

சூசையின் கடை சம்பா கோயில் என்ற மாதாகோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. ஜெபமாலை, மெழுகுவர்த்தி, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும்போது போடும் புதுநன்மை உடுப்பு, கல்யாண உடுப்பு என்று எல்லாம் விற்றான். உள்ளூர் வியாபாரத்தை விட, இங்கே போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் வேலைக்குப் போன நம்மவர்களுக்கு அனுப்பும் வியாபாரம்தான் பெரிது. அவர்கள் கடிதத்தில் கேட்பார்கள். பார்சல் கப்பலில் போகும். அங்கே தபால் ஆபீசில் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். கடிதம் எழுதுவது, கட்டுவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் அவன் தங்கை வேளாங்கண்ணி. கன்னியர் மடத்தில் படித்தவள், பிரெஞ்சு எழுதுவாள். தையலும் அவள் கைதான். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை.

ஒரு காலத்தில் லெயோனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். லெயோன் உப்பளத்துப் பையன். சைகோன் சுங்க ஆபீசில் வேலை கிடைத்துப் போனவன், போன இடத்திலேயே பேச்சைக் கைவிட்டான். இப்போது அவனிடமிருந்தே ஆர்டர் வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த மார்த்தா என்ற தமிழ்ப் பெண்ணைக் கட்டப்போகிறானாம். அவளுக்கு உடுப்பும் முக்காடும் வேண்டுமாம். பழையது எதுவுமே நடக்காதது மாதிரி அளவெல்லாம் எழுதியிருந்தான்.

வேளாங்கண்ணிக்கு முதலில் எரிந்தது இடுப்பளவைப் படித்தபோதுதான். அவ்வளவு சின்ன இடுப்பு. அண்ணன் வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றான். அவள் கேட்கவில்லை. முக்காட்டின் ஓரத்தில் மல்லிகைக் கொடியை ஊசியால் இழைக்கும்போதெல்லாம் இது யார் தலையில் ஏறும் என்று நினைத்து நினைத்துக் குத்தினாள். ஆனாலும் அதைவிட நல்ல வேலை அவள் கையிலிருந்து அதுவரை வந்ததில்லை. தைத்து முடித்து, மெழுகுத்துணி சுற்றி, முத்திரை வைத்துத் தபாலில் சேர்த்தாள். கப்பல் புறப்பட்டது.

கப்பல் கொழும்பைத் தாண்டியிருக்கும், அப்போதுதான் தந்தி வந்தது. உடுப்பு வேண்டாம், ஆர்டரை ரத்து செய்யவும் என்று லெயோன் அடித்திருந்தான். காரணம் எதுவும் இல்லை.

சூசைக்குக் கோபம் வந்தது. அனுப்புவதற்கு முன்னால் சொன்னால் சரி, அனுப்பிய பிறகு ரத்து கிடையாது என்று விலைப்பட்டியலிலேயே அச்சடித்திருக்கிறான். ஆனால் அச்சடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பணம் இன்னும் லெயோன் கையில்தான் இருக்கிறது. பார்சல் போய்ச் சேர்ந்ததும் அவன் வேண்டாம் என்பான். தபால்காரர்கள் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பிவிடுவார்கள். திரும்பி வரும் கூலியும் கடை தலையில்தான் விழும். இல்லையென்றால் இங்கிருந்தே தபால் ஆபீஸ் மூலம் தந்தி கொடுத்துத் திருப்பச் சொல்லலாம். நாள் மிச்சமாகுமே தவிர கூலி மிச்சமாகாது. சைகோனில் வேறு யாராவது கேட்டிருந்தால் மட்டும் நட்டமில்லை. வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை பார்சல் அனுப்பியவருடையது. மேல்விலாசத்தை மாற்றச் சொல்லலாம்.

"சைகோன்லேர்ந்து வேற கல்யாண ஆர்டர் ஏதாச்சும் வந்துருக்கா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே" என்றாள் வேளாங்கண்ணி.

வந்திருந்தது. செசிலியம்மாள் என்ற விதவை தன் மகளுக்காக எழுதியிருந்தாள். அளவுகூடக் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்த முக்காடு யார் தலையிலும் ஏறக்கூடாது, தன்னிடமே திரும்பி வரவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கல்யாணம் முறிந்துவிட்டது என்றே நினைத்தாள். அந்த மெல்லிய இடுப்புக்காரியை அவன் விட்டுவிட்டான். தன்னை விட்டமாதிரி. அன்று முழுக்க அவளுக்குச் சோறு ருசித்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

மறுநாள் பார்சலைத் திருப்பச் சொல்ல அவள் தபால் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் லெயோனின் தாய் ஆயம்மா கடைக்குள் வந்தாள். மகன் அவளுக்கும் தந்தி அடித்திருந்தான் போலும். சூசை வெளியே போயிருந்தான். ஆயம்மா உட்காரவில்லை. சுற்றி வளைத்துப் பேசினாள். கல்யாணம் நடக்கத்தான் போகிறது, தேதிகூட மாறவில்லை என்றாள். கிளம்பிய வேளாங்கண்ணி கல்லாப்பெட்டியருகே திரும்பி வந்தாள்.

"அப்புறம் என்னாத்துக்கு வேணாம்னாரு?"

ஆயம்மா முந்தானையைத் திருகினாள். "அவன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்காம, தைக்கறது நம்ம வேளாங்கண்ணிதான், அவ கை மாதிரி வராதுன்னு பெருமையா சொல்லியிருக்கான். அங்க இருக்கற நம்ம ஊருக்காரி ஒருத்தி, அந்தப் பொண்ணத்தான் முன்ன இவனுக்குப் பேசனதுன்னு போட்டுக் குடுத்துட்டா. அவ கை பட்டத நான் கட்டிக்கினு கோயிலுக்குப் போகமாட்டேன்னு மார்த்தா ஒரே அழுகையாம். பார்சல் வீட்டு வாசலுக்கு வந்தாலே சண்டை வரும். எப்படியாவது நிறுத்திடும்மா."

அவள் போன பிறகும் வேளாங்கண்ணி கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கல்யாணம் நடக்கிறது என்ற செய்தி நெஞ்சில் எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்று குளிர்ச்சியாக இருந்தது. கடலுக்கு அப்பால் ஒருத்தி, தன்னைப் பார்த்தேயிராதவள், தன்னை நினைத்து அழுகிறாள். இத்தனை வருஷமும் பொறாமைப்படுவது தன் பங்கு மட்டும் என்று நினைத்திருந்தாள்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்று உடனே தோன்றியது. கப்பல் போய்ச் சேரும். பார்சல் வந்த அறிவிப்புச் சீட்டு லெயோன் வீட்டுக்குப் போகும், அனுப்பியவர் பெயரோடு. எப்படியும் அது மார்த்தா கைக்குப் போகும், அவள் படிப்பாள். கடைப் பேச்சும் அதேதான்: அனுப்பிய பிறகு ரத்து கிடையாது. யாரும் குறை சொல்ல முடியாது.

வெகுநேரம் அதையே நினைத்துப் பார்த்தாள். மார்த்தா அழுவதை நினைத்தபோது இனித்தது. ஆனால் அதற்கு அடுத்து நடக்கப்போவதும் கண்ணில் வந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்வார்கள். தான் இழைத்த கொடி, பிரிக்காமலே, வேண்டாத பொருளாகத் தபால் ஆபீஸ் மூலையில் கிடக்கும். லெயோன் இரண்டாம் முறையாகத் தன்னைத் திருப்பி அனுப்பியதாக ஆகும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சூசை வந்ததும் செசிலியம்மாளின் ஆர்டரை எடுத்து வைத்தாள்.

"நேத்து இல்லேன்னியே?"

"இருந்துச்சு. சொல்ல மனசு வரல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஆயம்மா தெருவில் போவதை அவனும் பார்த்திருக்க வேண்டும். செசிலியம்மாளுக்கு ஒரு தந்தி கொடுத்து, இதையே எடுத்துக்கொள்கிறாளா என்று முதலில் கேட்கச் சொன்னான். அந்த அம்மாள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். தைத்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே.

தபால் ஆபீசில் வடிவேல் என்ற குமாஸ்தா பார்சல் ரசீதை வாங்கிப் பார்த்தார். அனுப்பியவர் நீங்கள்தானா என்று கேட்டு, கையெழுத்து வாங்கி, பழைய விலாசத்தையும் புதிய விலாசத்தையும் தாளில் எழுதச் சொன்னார். வாங்குகிறவர் கட்டவேண்டிய பணம் அதேதானா, குறைக்கவேண்டுமா என்றும் கேட்டார். அதேதான் என்றாள். லெயோனின் பெயரை எழுதி அதற்குக் கீழே செசிலியம்மாளின் பெயரை எழுதினாள்.

"கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள தந்தி போயிடும்மா. ஆனா அவங்க ஆபீசுல பாத்து மாத்தணும். பதில் வர்ற வரைக்கும் உறுதியா சொல்ல முடியாது" என்றார் வடிவேல்.

பதில் வந்தது. பார்சல் செசிலியம்மாள் கைக்குப் போனது. அவள் மகள் அந்த முக்காட்டோடு நின்ற போட்டோவைக் கடைக்கு அனுப்பினாள். சூசை அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான். அதைப் பார்த்து இன்னும் ஆர்டர்கள் வந்தன.

லெயோன் கல்யாண போட்டோவும் கொஞ்ச மாதத்தில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஆயம்மா அதை எல்லாருக்கும் காட்டினாள். வேளாங்கண்ணியிடம் நீட்டத் தயங்கினாள். வேளாங்கண்ணியே வாங்கிப் பார்த்தாள். மார்த்தா அழகி. அதில் சந்தேகமில்லை. அது குத்தியது. சைகோன் தையல்காரன் தைத்த உடுப்பில் தோளருகே துணி புடைத்துக்கொண்டு நின்றது.

"நல்லாருக்கு அத்தே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். வீடுவரை அந்தத் தோள்பட்டையை நினைத்துக்கொண்டே நடந்தாள். அதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தாள்.